மைனஸ் 350 ஒரு தீர்ப்பு அல்ல

தங்கவயலில் பழைய கட்டடம் எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும், கொஞ்ச நேரத்தில் ஒரு 'ரிப்போர்ட்' வந்து நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. ஹாஃப்-செல் எடுத்தார்களாம், மைனஸ் நானூறு வந்ததாம், கம்பி போய்விட்டதாம். யு.பி.வி. எடுத்தார்களாம், மூன்றுக்குக் கீழே வந்ததாம், கான்கிரீட்டும் போய்விட்டதாம். இனி இடிப்பதுதான் வழி என்று பேச்சு முடிந்துவிடும். எதிர்ப்பக்கத்துப் பேச்சும் உண்டு. எண் நன்றாக வந்துவிட்டது, இன்னும் முப்பது வருஷத்துக்குக் கவலையில்லை, மேலே வெள்ளையடித்தால் போதும் என்பார்கள். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: கருவி ஒரு எண்ணைக் கொடுக்கும், அட்டவணை அந்த எண்ணுக்குப் பொருள் சொல்லும், உடைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

அந்த நம்பிக்கை தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கருவிகளோடு எனக்குச் சண்டை இல்லை, இரண்டும் நல்ல கருவிகள். வேறொரு ஊரின், வேறொரு வகைத் துருவுக்காகப் பிறந்த எல்லைக்கோட்டைக் கொண்டுவந்து, கடலே இல்லாத இந்த மேட்டுநிலத்துக் கட்டடங்களின் மேல் அப்படியே வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். இங்கே அது ஒரு பக்கமாக மட்டும் தப்புவதில்லை. கெட்டதை நல்லது என்கிறது, நல்லதைக் கெட்டது என்கிறது.

முதலில் அந்த 350 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் மின்னழுத்தத்தை வெளியிலிருந்து அளந்து துருவைத் தேடும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் கலிஃபோர்னியாவின் ரிச்சர்ட் ஸ்ட்ராட்ஃபுல். சான் மேட்டியோ–ஹேவர்ட் பாலத்தைப் பற்றி 1957இல் அவர் எழுதினார். அது உப்புநீர் வளைகுடாவின் மேல் நின்ற பாலம். பிறகு 1970களில் அமெரிக்கப் பாலத்தளங்களில் நிறைய அளவுகள் எடுக்கப்பட்டன. பனியை உருக்குவதற்காக ஆண்டுதோறும் உப்பு கொட்டப்பட்ட தளங்கள் அவை. அந்த அனுபவத்திலிருந்து வந்த கோடுகள்தான் 1977இல் வெளியான ஏ.எஸ்.டி.எம். சி 876 வழியாக உலகம் முழுக்கப் பரவின. செம்பு–செம்பு சல்ஃபேட் மின்முனையை ஒப்பிட்டு அளக்கும்போது மைனஸ் 200 மில்லிவோல்ட்டை விட எண் சிறியதாக, அதாவது சுழியத்தை நோக்கி இருந்தால் 90 விழுக்காட்டுக்கு மேல் துரு இல்லை. மைனஸ் 350ஐத் தாண்டிக் கீழே போனால் 90 விழுக்காட்டுக்கு மேல் துரு ஓடுகிறது. இடைப்பட்டதில் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்த மூன்று வரியைத்தான் நம் ரிப்போர்ட்டுகள் மனப்பாடமாக ஒப்பிக்கின்றன. அதே ஆவணத்தில் அடுத்தாற்போல் வருவதை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. கம்பியின் மட்டம்வரை கார்பனேட் ஆகிவிட்ட கான்கிரீட்டுக்கும், அடிக்கடி நனையாத உட்புறக் கான்கிரீட்டுக்கும், இடத்துக்கு இடம் ஈரமும் ஆக்ஸிஜனும் பெரிதும் மாறும் வெளிப்புறக் கான்கிரீட்டுக்கும், சில இடங்களை உடைத்துப் பார்த்த அனுபவம் இல்லாமல் இந்தக் கோடுகளைப் பயன்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. தங்கவயலின் பழைய கட்டடம் ஒவ்வொன்றையும் இந்தப் பட்டியலில் வைத்துப் பாருங்கள். மூன்றில் ஒன்றிலாவது விழாத கட்டடம் அரிது. விலக்குப் பட்டியலில் இருப்பவருக்கு விதியைப் போட்டுவிட்டு, தரநிலைப்படி செய்தேன் என்று சொல்வது எப்படி நியாயமாகும்?

இந்த ஊரின் துரு எந்த வகை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்க இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று உப்பு. கடற்கரையில் குளோரைடு ஊடுருவிக் கம்பியின் பாதுகாப்புப் படலத்தை அங்கங்கே துளைக்கும். பாம்பனிலும் மண்டபத்திலும் நடப்பது அது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையம் மண்டபத்தில் பல்லாண்டுகளாகத் துருவைக் கவனித்து வருவதற்கும் அதுவே காரணம். மற்றொன்று காற்று. காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு மெல்ல மெல்ல உள்ளே போய்க் கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைத்துவிடும். காரம் குறைந்தால் படலம் முழுவதும் போய்விடும். ஆனால் படலம் போனதனால் மட்டும் துரு ஓடாது, தண்ணீர் வேண்டும். கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே, கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 850 மீட்டர் மேலே, மழை குறைந்த மேட்டுநிலத்தில் இருக்கிறது தங்கவயல். இங்கே பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டாம் வகைதான். கலவைக்கு உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீர் ஊற்றிய கட்டடம் விதிவிலக்காக இருக்கலாம். அதைக் கான்கிரீட் தூளில் குளோரைடு பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும், ஊகத்தால் அல்ல.

இரண்டு வகைத் துருவும் ஹாஃப்-செல் மீட்டரில் ஒரே மாதிரி தெரிவதில்லை. வாதத்தின் இதயம் இங்கேதான் இருக்கிறது. மீட்டர் காட்டுவது துருவின் வேகத்தை அல்ல. கம்பியில் இரும்பு கரையும் இடமும் ஆக்ஸிஜன் செலவாகும் இடமும் சேர்ந்து எட்டும் ஒரு சமநிலை மின்னழுத்தத்தைத்தான் அது காட்டுகிறது. உலர்ந்த, கார்பனேட் ஆன கான்கிரீட்டில் ஆக்ஸிஜன் தாராளமாக இருக்கும், மின்தடை மிக அதிகமாக இருக்கும். அதனால் சமநிலை எண் சுழியத்தின் பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு நேர்மாறாகத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் கான்கிரீட்டில் ஆக்ஸிஜன் உள்ளே வரவே வழியில்லை. ஆக்ஸிஜன் பட்டினி கிடக்கும்போது எண் பாதாளத்துக்கு இறங்கும். ஆனால் அதே பட்டினியால்தான் துருவும் ஓடாது!

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. கட்டுமானப் பொருள் ஆய்வாளர்களின் பன்னாட்டு அமைப்பான ரைலெம் 2003இல் வெளியிட்ட பரிந்துரையில், கான்கிரீட்டின் நிலைக்கேற்ப எந்த எண் எதிர்பார்க்கத்தக்கது என்ற பட்டியல் இருக்கிறது. ஆக்ஸிஜன் இல்லாமல் நீரில் ஊறிய கான்கிரீட்டில் மைனஸ் 900 முதல் மைனஸ் 1000 வரை. ஈரமும் குளோரைடும் உள்ளதில் மைனஸ் 400 முதல் மைனஸ் 600 வரை. ஈரமான, கார்பனேட் ஆனதில் பிளஸ் 100 முதல் மைனஸ் 400 வரை. உலர்ந்து கார்பனேட் ஆனதில் பிளஸ் 200 முதல் சுழியம் வரை. மூன்றாவது வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். நம் ஊர்த் துருவின் வீச்சு ஏ.எஸ்.டி.எம். பிரிக்கும் மூன்று வகுப்புகளிலும் பரந்து கிடக்கிறது. அந்தக் கோட்டால் அதைப் பிரிக்கவே முடியாது.

ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டு இதை நடத்திப் பார்ப்போம். எண்களை விளக்கத்துக்காக நானே அமைத்திருக்கிறேன். ஆனால் மைசூர் அரசு 1956இல் சுரங்கங்களை எடுத்துக்கொண்ட பிறகு எழுந்த எந்த அலுவலகத்திலும் குவார்ட்டர்ஸிலும் பொருந்திவரக்கூடிய எண்கள்தான். கட்டடம் அறுபது வயது, முன்னால் ஒரு போர்ட்டிகோ. ஐந்து அங்குலத் தளம், 10 மில்லிமீட்டர் வழவழப்பான மைல்டு ஸ்டீல் கம்பி. கம்பிக்குக் கீழே கவர் அரை அங்குலம், 13 மில்லிமீட்டர். பக்கத்தில் தரைக்குள் இறக்கிய ஒரு தண்ணீர்த் தொட்டி, சம்ப்.

காற்று உள்ளே போகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தோடு வளரும். அந்தக் காலத்துச் சாதாரணக் கலவைக்கு வர்க்கமூல ஆண்டுக்கு 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 13 மில்லிமீட்டரைக் கடக்கப் பத்துப் பதினோரு ஆண்டு போதும். அறுபது ஆண்டில் 31 மில்லிமீட்டர். ஆக அந்தப் போர்ட்டிகோவின் கீழ்க்கம்பி ஐம்பது ஆண்டாகக் காரமில்லாத கான்கிரீட்டில்தான் இருக்கிறது. பாதுகாப்புப் படலம் என்று ஒன்று அதற்கு இல்லை. அந்தக் கம்பியின் கதி முழுக்க முழுக்கத் தண்ணீரின் கையில்.

இப்போது ஹாஃப்-செல் எடுக்கிறோம். குழாய்க்குள் நீலக் கரைசல், அடியில் கரையாமல் கிடக்கும் துத்தக் கட்டிகள், நடுவில் செம்புத் தண்டு, நுனியில் நனைந்த ஸ்பாஞ்ச். மீட்டரின் ஒரு முனை கம்பியில், மறுமுனை இந்தக் குழாயில். போர்ட்டிகோவின் நடுப்பகுதி வெயிலிலும் நிழலிலும் ஆண்டு முழுக்க உலர்ந்தே இருக்கிறது. அங்கே மைனஸ் 70 முதல் மைனஸ் 120. மேலே மழைநீர் போகும் குழாய் அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் இறங்கி மஞ்சள் கறை படிந்திருக்கும் ஓரத்தில் மைனஸ் 260 முதல் மைனஸ் 300. சம்ப்பின் சுவரில் எங்கே வைத்தாலும் மைனஸ் 650க்கு அக்கம்பக்கம்.

அட்டவணை என்ன சொல்லும்? போர்ட்டிகோ நடு: துரு இல்லை. போர்ட்டிகோ ஓரம்: உறுதியாகச் சொல்ல முடியாது. சம்ப்: துரு உறுதி. முதலில் பணம் எங்கே போகும்? சம்ப்பை உடைக்க.

உளியை எடுத்து மூன்று இடத்திலும் கவரைத் திறந்தால் காட்சி வேறு. சம்ப்பில் உடைத்த முகத்தின் மேல் ஃபீனால்ப்தலீன் தெளித்தவுடன் கான்கிரீட் அடர்ந்த ரோஸ் நிறமாகிறது. காரம் அப்படியே இருக்கிறது, கம்பி சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருக்கிறது. ஆழ்ந்த எண் வந்தது ஈரத்தால், துருவால் அல்ல. போர்ட்டிகோ நடுவில் தெளித்தால் நிறமே வரவில்லை. கம்பியின் மேல் ஒரு மெல்லிய பழுப்புத் தோல் இருக்கிறது, ஆனால் உலர்ந்து அப்படியே நின்றுபோய்விட்டது. ஓரத்தில்தான் விஷயம். கவர் தட்டையாகப் பெயர்ந்து கையோடு வருகிறது, அடுக்கடுக்காகத் துரு. அதைச் சுரண்டிவிட்டு வெர்னியர் காலிப்பரில் அளந்தால் 8.5 மில்லிமீட்டர். விட்டத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் போனதென்றால் குறுக்குப் பரப்பில் 28 விழுக்காடு போய்விட்டது என்று பொருள். 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்று அட்டவணை கைகழுவிய இடம் அது. தலைக்கு மேல் தொங்கும் ஆபத்து அங்கேதான்.

இன்னொன்றையும் பார்த்துவிடலாம். போர்ட்டிகோ நடுவில் அதே புள்ளியில் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருந்தால் மீட்டர் இறங்கத் தொடங்கும். மைனஸ் 90இல் இருந்தது அரை மணியில் மைனஸ் 230 ஆகலாம். கம்பியில் ஒன்றும் மாறவில்லை, நாம் ஊற்றிய தண்ணீர்தான் மாறியது. ஐந்து நிமிடத்துக்குள் எண் 20 மில்லிவோல்ட்டுக்கு மேல் ஆடினால் முன்கூட்டியே நனைத்து, எண் நிலைத்த பிறகுதான் குறிக்க வேண்டும் என்பது ஏ.எஸ்.டி.எம். முறை. ஏப்ரல் மாத மதியத்தில் சுண்ணாம்பு அடித்த பூச்சின் மேலேயே ஸ்பாஞ்சை வைத்து, கிடைத்த எண்ணைக் குறித்துக்கொண்டு போகிறவரிடம் கேளுங்கள்: நனைத்தீர்களா, எவ்வளவு நேரம், பூச்சை எடுத்தீர்களா? ரிப்போர்ட்டில் இந்த மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் அந்த எண்ணுக்கு மதிப்பும் இல்லை.

கம்பிகளின் தொடர்ச்சி இன்னொரு பொறி. மீட்டரை ஒரு கம்பியில் கட்டிவிட்டுத் தளம் முழுக்கக் குழாயை நகர்த்துகிறோம். எல்லாக் கம்பியும் ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. பழைய கட்டடங்களில் கட்டுக்கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கும். ஒரு அறைத் தளத்துக்கும் அடுத்த அறைத் தளத்துக்கும் கம்பி ஓடாமலே இருக்கும். தூரத்தில் இன்னொரு கம்பியைத் திறந்து இரண்டுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் எடுத்த வரைபடம் வண்ணமயமாக இருக்கும், அவ்வளவுதான்.

இனி யு.பி.வி. ஒரு முனையில் அதிர்வை அனுப்பி, மறுமுனையில் வந்து சேரும் நேரத்தை மைக்ரோ வினாடியில் அளந்து, தூரத்தை நேரத்தால் வகுத்து வேகம் கண்டுபிடிக்கிறோம். வேகம் அதிகமென்றால் கான்கிரீட் இறுக்கமாக, ஒருமித்து இருக்கிறது. நம் தரநிலை ஐ.எஸ். 13311 முதல் பாகம் 1992இல் வந்தது: வினாடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் மிக நன்று, 3.5 முதல் 4.5 வரை நன்று, 3.0 முதல் 3.5 வரை நடுத்தரம், 3.0க்குக் கீழே சந்தேகத்துக்குரியது. 2018இல் ஐ.எஸ். 516இன் ஒரு பகுதியாக அது திருத்தி எழுதப்பட்டுவிட்டது. இருந்தும் எல்லார் வாயிலும் இன்னமும் இருப்பது பழைய எண்தான்.

இந்த வகை அட்டவணைக்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது. 1951இல் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், வினாடிக்கு 15,000 அடிக்கு மேல் மிக நன்று என்று தொடங்கி இப்படி ஒரு வகைப்பாட்டைக் கொடுத்தார். 15,000 அடி என்பது 4.57 கிலோமீட்டர். அவர் பார்த்த கான்கிரீட்டுக்கு அது சரி. ஆனால் வேகத்தைத் தீர்மானிப்பதில் ஜல்லிக்குப் பெரும்பங்கு உண்டு, அட்டவணை ஜல்லியைப் பற்றிக் கேட்பதே இல்லை. தங்கவயலின் தங்கரேகை ஓடும் பாறை ஹார்ன்பிளெண்ட் சிஸ்ட். கறுத்து, கனத்து, அலையை வேகமாகக் கடத்தும் பாறை. சுற்றிலும் இருப்பது கிரானைட் வகை நைஸ். சுரங்கத்திலிருந்து வந்த கல்லை உடைத்துப் போட்ட கான்கிரீட்டும், ஊருக்கு வெளியே உடைத்த வெள்ளைக்கல் ஜல்லி போட்ட கான்கிரீட்டும் ஒரே பலத்தில் இருந்தாலும் ஒரே வேகம் காட்டாது. எந்த ஜல்லி என்று பார்க்காமல் 'நன்று' என்றும் 'நடுத்தரம்' என்றும் எழுதுவது வெறும் ஒப்புக்கு.

நம் போர்ட்டிகோவுக்கே திரும்புவோம். தளத்துக்கு மேலே சுண்ணாம்பு ஜல்லித் தளமும் ஓடும் போட்டிருக்கிறார்கள். அதனால் மேலும் கீழும் முனைகளை நேருக்கு நேர் வைக்க முடியாது. இரண்டையும் அடிப்பக்கத்திலேயே வைத்து எடுக்கிறோம். முனைகள் 150 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்போது 52 மைக்ரோ வினாடி. வகுத்தால் வினாடிக்கு 2.88 கிலோமீட்டர். சந்தேகத்துக்குரியது என்று ரிப்போர்ட் எழுதிவிடலாம். ஆனால் அதே கோட்டில் முனையை 300க்கு நகர்த்தினால் 93, 450க்கு நகர்த்தினால் 135. 150இலிருந்து 450 வரை, அதாவது கூடுதலாக 300 மில்லிமீட்டர் போக 83 மைக்ரோ வினாடி ஆகியிருக்கிறது. அந்தச் சாய்வைக் கணக்கிட்டால் 3.6. இது 'நன்று'. கான்கிரீட் ஒன்றுதான், கருவி ஒன்றுதான், ஆளும் ஒருவரே. ஒரு புள்ளியில் நின்றவர் இடிக்கச் சொல்வார், மூன்று புள்ளி எடுத்தவர் இருக்கட்டும் என்பார்.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது? மேற்பரப்பில் இருக்கும் தளர்ந்த அடுக்கைக் கடக்கும் நேரமும், கிரீஸ் பூசி ஒட்டிய முனையில் வீணாகும் நேரமும் ஒவ்வொரு அளவிலும் மாறாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தூரம் குறைவாக இருந்தால் அந்த நிலையான தாமதம் வேகத்தை அதிகமாக இழுத்துக் கீழே தள்ளிவிடும். ஒரே பக்கத்தில் எடுக்கும் அளவு நேருக்கு நேர் எடுப்பதை விட வினாடிக்கு 1 கிலோமீட்டர் வரை குறையலாம் என்று 1992 தரநிலையே எச்சரித்திருக்கிறது. எந்த முறையில் எடுத்தோம் என்று சொல்லாத யு.பி.வி. எண், அலகு போடாத எண்ணுக்குச் சமம்.

யு.பி.வி.யால் பார்க்க முடியாததும் ஒன்று இருக்கிறது. கான்கிரீட்டுக்குப் பொதுவாகப் பயன்படும் 54 கிலோஹெர்ட்ஸ் முனையில், வினாடிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில், அலையின் நீளம் 74 மில்லிமீட்டர். அதை விட மிகச் சிறிய கோளாறைச் சுற்றிக்கொண்டு அலை போய்விடும். கம்பியின் மேல் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் துரு ஏறியிருந்தாலும் கவர் வெடிக்காதவரை அலைக்கு அது தெரியாது. வெடித்த பிறகும், வெடிப்பில் மழைத்தண்ணீர் நின்றுவிட்டால் அலை அதைத் தாண்டிப் போய் நல்ல எண்ணையே காட்டும். ஆகவே "யு.பி.வி. நன்றாக இருக்கிறது, அதனால் கம்பியும் நன்றாக இருக்கும்" என்ற வாக்கியம் எந்த ரிப்போர்ட்டிலும் இருக்கக் கூடாது.

எதிர்ப்பக்கத் தப்பும் நம் ஊரில் நடக்கும். நிலத்தடியில் பாறை வெடித்து ஊரே குலுங்கிய நாட்கள் பழைய தங்கவயல்காரர்களுக்கு நினைவிருக்கும். ராக் பர்ஸ்ட் என்ற சொல் இங்கே வீட்டுப் பேச்சு. அந்தக் குலுக்கலில் விழுந்த விரிசல் அலையின் பாதையை வெட்டி வேகத்தைக் குறைத்துவிடும். ஆனால் விரிசலுக்கு இரு பக்கமும் கான்கிரீட் திடமாக இருக்கலாம். மூன்று புள்ளிகளின் கோடு நேராக ஏறாமல் ஓரிடத்தில் திடீரென்று தாண்டிக் குதித்தால் அங்கே விரிசல். கோடு முழுவதும் ஒரே சாய்வில், ஆனால் மிக மெதுவாக ஏறினால் கலவையே மட்டம். இந்த வேறுபாட்டை ஒற்றை எண் காட்டாது, வரைபடம்தான் காட்டும். விரிசலுக்கு மருந்து வேறு, மட்டமான கலவைக்கு மருந்து வேறு.

எனக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் எனக்குத் தெரியும். "எல்லாவற்றையும் உடைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றால் சிதைக்காத சோதனை எதற்கு? ஒரு எல்லைக்கோடு இல்லாவிட்டால் ஒவ்வொரு இன்ஜினியரும் ஒவ்வொன்று சொல்வார். அரசுக் கோப்புக்கு ஒரு எண் வேண்டாமா?" வேண்டும்தான். ஆனால் உடைக்கச் சொல்வது எல்லா இடத்திலும் அல்ல, இரண்டு மூன்று இடத்தில். எங்கே உடைப்பது என்று காட்டத்தான் ஹாஃப்-செல். அந்த வேலையில் அது அருமையான கருவி. அரை மீட்டர் இடைவெளியில் கட்டம் போட்டு, ஒரே நாளில், ஒரே மாதிரி நனைத்து அளந்தால், எண்ணின் உயரம் பொய் சொன்னாலும் எண்களுக்கு இடையே உள்ள சரிவு அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. நம் போர்ட்டிகோவில் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே குறுகிய தூரத்தில் குறைந்தது 140 மில்லிவோல்ட் இறங்குகிறது. அங்கேதான் உளி போக வேண்டும். சம்ப்பில் எண் ஆழமாக இருந்தாலும் எல்லாப் பக்கமும் ஒரே சமமாக இருக்கிறது. அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை, ஒரு இடத்தில் திறந்து உறுதி செய்துகொண்டால் போதும்.

மிக ஆழ்ந்த எண், மிக மேலான எண், நடுவில் ஒன்று என்று மூன்று இடங்களைத் திறந்து, உடைத்த புது முகத்தில் உடனே ஃபீனால்ப்தலீன் தெளித்து, கம்பியைச் சுரண்டி அளந்த பிறகு, அந்தக் கட்டடத்துக்கென்று ஒரு கோடு கிடைத்துவிடும். நம் போர்ட்டிகோவுக்கு அது மைனஸ் 200 அருகில் விழும், அடுத்த கட்டடத்துக்கு வேறெங்கோ. கோப்புக்கு எண் வேண்டுமென்றால் அந்த எண்ணை எழுதலாம், எப்படி வந்தது என்ற விளக்கத்தோடு. செலவு பெரிதல்ல. ஒரு புட்டி ஃபீனால்ப்தலீன் கரைசல், ஒரு உளி, ஒரு காலிப்பர். யு.பி.வி.க்கும் இரண்டு மூன்று கோர் எடுத்து, அதன் வழியாகவே வேகம் பார்த்து, பிறகு அழுத்தி உடைத்துப் பலம் பார்த்தால் அந்தக் கட்டடத்து ஜல்லிக்கான கணக்கு கையில் இருக்கும்.

சுத்தியலை மறந்துவிடக் கூடாது. தலைக்கு மேல் இருக்கும் பாறை இறுகி இருக்கிறதா, தளர்ந்து தொங்குகிறதா என்று கம்பியால் தட்டி, சத்தத்தைக் கேட்டே முடிவு செய்வது சுரங்கத்தில் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் நடந்த வேலை. பெயர்ந்து நிற்கும் கவரைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல சோதனை இன்றும் இல்லை. கணீர் என்றால் ஒட்டியிருக்கிறது, டொக்கு என்றால் பெயர்ந்திருக்கிறது. பாறையின் நடத்தையைப் படிப்பதற்கென்றே 1988இல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் இந்த ஊரில் அமைந்தது. அந்த ஊரில், ஒற்றை எண்ணை வைத்து ஒரு கட்டடத்தின் உயிரைத் தீர்மானிப்பது எனக்கு விசித்திரமாக இருக்கிறது.

இடிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. துருவின் கன அளவு அது உண்டான இரும்பைப் போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இருக்கும். அதனால் கம்பியின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கரைந்தாலே கவர் வெடித்துவிடலாம். அப்போது 10 மில்லிமீட்டர் கம்பி 9.9 ஆகியிருக்கும், குறுக்குப் பரப்பில் போனது 2 விழுக்காடு. கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரியும் விரிசலும் பழுப்புக் கறையும் கம்பி போய்விட்டதற்கு அடையாளம் அல்ல, போகத் தொடங்கியதற்கு அடையாளம். தண்ணீர் வரும் வழியை அடைத்து, பெயர்ந்ததைத் தட்டி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, புதுக் கவர் போட்டால் அந்தத் தளம் நிற்கும். 28 விழுக்காடு போன ஓரத்தில்தான் கூடுதல் கம்பி வைக்க வேண்டும், அல்லது அந்தத் துண்டை மட்டும் வெட்டி மாற்ற வேண்டும்.

இருக்கட்டும் என்கிறவர்களுக்கும் ஒரு சொல். கார்பனேட் ஆன கான்கிரீட்டில் உலர்ந்திருப்பது மட்டுமே பாதுகாப்பு. சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடிய பிறகு பராமரிப்பு நின்றுபோன கட்டடங்களில் மழைக்குழாய் அடைத்துக்கொள்கிறது, மொட்டைமாடியில் அரசமரக் கன்று முளைக்கிறது, சுண்ணாம்புத் தளம் விரிகிறது. ஏப்ரலில் மைனஸ் 80 காட்டிய அதே தளம் இரண்டு மழைக்காலம் ஒழுகினால் கவரை உதிர்க்கத் தொடங்கும். எண் நல்லதாக வந்த தாளைச் சட்டம் போட்டு மாட்டி வைத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறிப் பார்க்காமல் இருந்தால், குறை அந்தத் தாளில் இல்லை.

சுரங்கம் மூடி இருபது ஆண்டுக்கு மேலாகியும் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் கோரமண்டலிலும் பழைய குவார்ட்டர்ஸில்தான் ஏராளமான குடும்பங்கள் இருக்கின்றன. நாளை உங்கள் வீட்டைப் பற்றியோ பிள்ளைகள் படிக்கும் பள்ளியைப் பற்றியோ இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால், முதல் பக்கத்து எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியாகவும் வேண்டாம். எத்தனை இடத்தில் கவரைத் திறந்து பார்த்தீர்கள், ஃபீனால்ப்தலீன் எவ்வளவு ஆழம்வரை நிறம் மாறாமல் இருந்தது, கம்பியின் விட்டம் எவ்வளவு மீதி இருக்கிறது என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லாத ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.